இரண்டு மணி என்று யார் சொன்னது?

2024 ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. விடிகாலை 5.40க்குக் கைத்தொலைபேசி அடித்தது. பிறை ஊரில் உள்ள எங்கள் கிடங்கின் மேற்பார்வையாளர். அந்த நேரத்தில் அவர் அழைத்தால் லோரி பழுதாகியிருக்கும், அல்லது தவறு என்னுடையதாக இருக்கும்.

"தம்பி, கெடா பக்கத்துக் கடைகளை எல்லாம் மூடிவிட்டார்களா? பட்டியலில் அவர்களுக்கு ஒரு பெட்டி டின் பால்கூட இல்லையே."

பெருநாள் வாரத்தில் டின் பால் கேட்காத கடை வடக்கு மலேசியாவில் கிடையாது. தூக்கம் அங்கேயே கலைந்தது.

நான் பினாங்கில் ஒரு மொத்த விநியோக நிறுவனத்தில் தரவுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் இன்னொரு தம்பியும்தான். ஒரு பேரங்காடிக் குழுமத்தின் 43 கடைகளுக்கு நாங்கள் சரக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு கடையும் அன்றைக்கு விற்றதைக் குழுமத்தின் கோலாலம்பூர் தலைமையகம் ஒரே சிஎஸ்வி கோப்பாக்கி, எஸ்எஃப்டிபி வழியாக எங்கள் சர்வரில் போட்டுவிடும். இரவு 2 மணிக்கு `cron` எழுந்து அதைத் தரவுத்தளத்தில் ஏற்றும். 4.30க்கு அந்த விற்பனையை வைத்து, எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்ற பிக்கிங் பட்டியல் அச்சாகும். 5 மணிக்குக் கிடங்கில் ஆள்கள் சரக்கை எடுக்கத் தொடங்குவார்கள். 6.30க்கு முதல் லோரி கிளம்பும்.

அந்த 2 மணியைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பின்னால் விசாரித்துப் பார்த்தேன். எனக்கு முன்பு இருந்தவர். ஏன் 2 என்று அவருக்கே நினைவில்லை. கோப்பு வழக்கமாக 1.15க்கும் 1.35க்கும் இடையில் வந்துவிடும். கொஞ்சம் இடம் விட்டு 2 என்று வைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

சர்வரில் நுழைந்து பார்த்தால் எல்லாம் பச்சை. 2.00க்கு ஏற்றம் தொடங்கியது, 2.08க்கு வெற்றிகரமாக முடிந்தது. ஏறியவை ஏறத்தாழ 31,000 வரிகள், நிராகரிக்கப்பட்டது ஒரு வரி. வழக்கமான இரவில் 48,000 வரிகளுக்குக் குறையாது. பெருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை விற்பனை குறைந்திருக்குமா என்ன? ஏற்றும்போது எடுத்துவைத்த பிரதியைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன்:

```
29,20240406,955
```

கடை எண் 29, தேதி, பிறகு பட்டைக்குறியீட்டின் முதல் மூன்று இலக்கம். 955 மலேசியாவின் முன்னெண். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வரி நடுவிலேயே அறுந்துகிடந்தது. பிரதியின் அளவு 1,441,792 பைட். அதை 32,768ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 44 வருகிறது. எஸ்எஃப்டிபி நிரல்கள் பெரும்பாலும் 32 கிலோபைட் துண்டுகளாகத்தான் கோப்பை அனுப்பும். ஆகவே கோப்பின் அளவு அந்த எண்ணின் சரியான மடங்காக நின்றால், யாரோ பாதியில் எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அன்று பாதியில் எடுத்தது நாங்களேதான்.

சர்வரில் இருந்த அசல் கோப்போ 52,108 வரிகளோடு 2.31க்கு முடிந்து முழுசாக உட்கார்ந்திருந்தது. கதை புரிந்துவிட்டது. பெருநாள் கூட்டத்தால் கடைகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருந்தன. தலைமையகத்து நிரல் கடை எண் வரிசையில் ஒவ்வொரு கடையின் நாள்முடிவுக் கணக்கும் வரக் காத்திருந்து, வர வர எங்கள் சர்வரில் நேரடியாக எழுதிக்கொண்டே போகும். 2 மணிக்கு அது 29ஆம் கடையில் இருந்தது. எங்கள் ஏற்றம் கேள்வி கேட்காமல் இருந்த வரைக்கும் அள்ளிக்கொண்டது. 100 வரி வரைக்கும் பிழையைப் பொறுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. அறுந்த ஒரு வரி அதன் கண்ணில் தூசு. 30 முதல் 43 வரையுள்ள கடைகள் கெடாவிலும் பெர்லிசிலும் இருப்பவை. விற்பனை இல்லாத கடைக்குச் சரக்கு எதற்கு என்று பட்டியலும் அவற்றை விட்டுவிட்டது.

அன்று காலை மறுபடி ஏற்றி, மறுபடி பட்டியல் அடித்து, சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் இரண்டாம் நடை லோரி போனது. கோப்பு வராமலே இருந்திருந்தால் இவ்வளவு சேதம் இல்லை. ஏற்றம் சத்தமாகத் தோற்றிருக்கும், எனக்கு 2 மணிக்கே தகவல் வந்திருக்கும்.

மேலாளர் சொன்ன தீர்வு எல்லாரும் சொல்வதுதான்: "மூன்று மணிக்கு மாற்றிவிடு." மாற்றினேன். இரண்டு நாள் கழித்து, பெருநாளுக்கு முந்தைய இரவு, கோப்பு 3.07க்கு முடிந்தது. நான் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் ஏற்றத்தைக் கையால் நிறுத்த முடிந்தது. மூன்றரைக்கு மாற்றலாம்தான். ஆனால் ஆண்டில் பெரும்பாலான இரவுகளில் கோப்பு ஒன்றரைக்கே வந்துவிடுகிறது. சில இரவுகளுக்குப் பயந்து மற்ற இரவெல்லாம் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அந்தச் சில இரவுகளுக்கும் அது போதுமா என்றால் உத்தரவாதம் இல்லை. கோப்பு வந்தவுடன் ஏற்றுவது என்று முடிவெடுத்தேன்.

இதை மிக எளிய வேலை என்று நினைத்தேன். லினக்ஸ் கர்னலிலேயே `inotify` என்ற வசதி உண்டு. ஓர் அடைவில் கோப்பு உருவானாலோ, எழுதி மூடப்பட்டாலோ, பெயர் மாறினாலோ அது சொல்லிவிடும். கோப்பு உருவான கணத்தைக் கேட்பது முட்டாள்தனம் என்ற அளவுக்கு ஏப்ரல் 7 எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தக் கணத்தில் உள்ளே ஒரு வரிகூட இருக்காது. ஆகவே எழுதி மூடும் கணத்தைக் கேட்டேன்:

```
inotifywait -m -e close_write --format '%f' /srv/sftp/in
```

முதல் சறுக்கல் சோதனையிலேயே வந்தது. அப்போது அந்த அடைவு, அலுவலகச் சேமிப்புப் பெட்டியிலிருந்து என்எஃப்எஸ் வழியாக இணைக்கப்பட்டிருந்தது. என் சர்வரிலிருந்து கோப்பு போட்டுப் பார்த்தேன், உடனே பிடித்தது. அன்றிரவு உண்மையான கோப்பு வந்தபோது ஒரு முனகல்கூட இல்லை. காரணம், எஸ்எஃப்டிபி சேவை வேறொரு கணினியில் ஓடியது. `inotify` தன் கர்னல் வழியாக நடக்கும் மாற்றத்தை மட்டுமே அறியும். வேறொரு கணினி என்எஃப்எஸ் வழியாக எழுதுவது அதற்குத் தெரியாது. கண்காணிப்பவரும் கோப்பு இறங்கும் இடமும் ஒரே கணினியில் இருக்கும்படி மாற்றினேன். சோதனை செய்கிறவர்கள் கோப்பை வெளியிலிருந்து அனுப்பிச் சோதியுங்கள். உள்ளேயிருந்து தொட்டுப் பார்ப்பது சோதனையாகாது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அருமையாக ஓடியது. கோப்பு 1.22க்கு வந்தால் 1.30க்கு ஏறி முடிந்திருக்கும். மே மாதம் ஓர் இரவு நல்ல இடிமழை. மறுநாள் காலை மறுபடி பாதிக் கோப்பு ஏறியிருந்தது.

இது எனக்குப் புரிய அரைநாள் ஆயிற்று. கோப்பு மூடப்பட்டது என்பதற்கு, அனுப்பியவர் எழுதி முடித்தார் என்று நானாகப் பொருள் கொண்டிருந்தேன். இணைப்பு அறுந்தால் சர்வர் பக்கத்து எஸ்எஃப்டிபி செயல்முறையும் செத்துப்போகும். செத்துப்போன செயல்முறை திறந்துவைத்திருந்த கோப்புகளை எல்லாம் கர்னல் மூடிவிடும். ஆக, இயல்பாக முடிந்தாலும் `close_write`, நடுவில் அறுந்தாலும் `close_write`. இரண்டுக்கும் ஒரே மணியோசைதான். கல்யாணமா கருமாதியா என்று அதில் தெரியாது.

கோப்பின் அளவு ஒரு நிமிடம் மாறாமல் இருந்தால் முடிந்ததாகக் கொள்ளலாமே என்று உடன் வேலை செய்யும் தம்பி சொன்னான். பலர் இப்படிச் செய்கிறார்கள். எங்கள் வழக்கில் இது உதவாது. ஒரு கடையின் கணக்கு தாமதமானால் கோப்பு பத்து நிமிடம்கூட வளராமல் நிற்கும். இணைப்பு அறுந்த கோப்போ என்றைக்குமே வளராது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மறுபடி ஓர் எண்ணைக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டும். 2 மணி என்று சொன்னவரும் அதைத்தான் செய்தார்.

கோப்பு முழுமையானது என்று பெறுபவன் வெளியிலிருந்து ஊகிக்க முடியாது, அனுப்புகிறவர்தான் சொல்ல வேண்டும். இதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒப்புக்கொண்டால் பேரங்காடிக் குழுமத்து ஆள்களிடம் போய் நிற்க வேண்டுமே என்ற தயக்கமும் அதில் உண்டு. கோலாலம்பூரில் அந்த நிரலைப் பார்த்துக்கொள்பவர் ஒரு தமிழ் அக்கா என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதி எழுதி அலுத்துப்போய் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தேன்.

"அக்கா, உங்கள் கோப்பு முடிந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"இரண்டு மணிக்குத்தானே எடுக்கிறீர்கள்? அதற்குள் முடிந்துவிடும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்."

அதாவது 2 மணி என்பது எங்களுக்கு அவர்கள் முடிக்கும் நேரம், அவர்களுக்கு நாங்கள் எடுக்கும் நேரம். இருவரும் மற்றவரை நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

அவரிடம் இரண்டு மாற்றங்கள் கேட்டேன். முதலாவது, எங்கள் சர்வரில் கடை கடையாக எழுதாமல், தம் வட்டிலேயே கோப்பை முழுதாக எழுதி முடித்துவிட்டுப் பிறகு அனுப்புவது. அனுப்பும்போதும் தற்காலிகப் பெயரில் ஓர் அடைவில் இறக்கி, இறக்கி முடித்த பின் இன்னோர் அடைவுக்குப் பெயர் மாற்றி நகர்த்துவது. அவர் பக்கத்தில் இது இரண்டே வரி:

```
put sales_20240601.csv incoming/sales_20240601.csv.part
rename incoming/sales_20240601.csv.part ready/sales_20240601.csv
```

இந்த இரண்டு வரியை `sftp -b` கொண்டு ஓட்டினால், `put` தோற்ற கணமே அது நின்றுவிடும், `rename` நடக்காது. பெயர் மாற்றம் ஒரே கோப்பு முறைமைக்குள் நடந்தால் நடுநிலை என்று ஒன்று கிடையாது. ஒரு கணம் முன்பு `ready` காலி, மறு கணம் முழுக் கோப்பு. இணைப்பு எங்கே அறுந்தாலும் `incoming` அடைவில் ஒரு `.part` அநாதையாகக் கிடக்கும், அவ்வளவுதான். `incoming`, `ready` இரண்டும் ஒரே வட்டுப் பிரிவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெவ்வேறு பிரிவில் இருந்தால் நகர்த்துவது நகலெடுப்பதாக மாறும், அல்லது சர்வர் மறுத்துவிடும்.

இரண்டாவது மாற்றம், கோப்பின் கடைசி வரியாக மொத்த எண்ணிக்கை: `T,52108`. பெயர் மாற்றம் இருக்கும்போது இது எதற்கு என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பெயர் மாற்றம் அனுப்புதல் முடிந்ததைச் சொல்கிறது. தயாரிப்பு முடிந்ததைச் சொல்வதில்லை. அவருடைய நிரலே 20ஆம் கடையில் இடறி விழுந்து பாதிக் கோப்பை விட்டுப்போனால், அனுப்பும் இரண்டு வரிகள் அந்தப் பாதியை மிக ஒழுங்காக, முழுமையாகக் கொண்டுவந்து `ready` அடைவில் வைக்கும். ஆகஸ்ட் மாதம் அது நடக்கவே செய்தது. கடைசி வரியில் `T` இல்லை என்பதைப் பார்த்து எங்கள் ஏற்றம் கோப்பைத் திருப்பியது. அவர்கள் பக்கத்தில் வட்டு நிரம்பியிருந்தது.

எங்கள் பக்கத்தில் `inotifywait` வளையத்தைத் தூக்கிவிட்டு `systemd` தரும் பாதைக் கண்காணிப்புக்கு மாறினேன்.

```
[Path]
DirectoryNotEmpty=/srv/sftp/ready
Unit=sales-load.service
```

இதுவும் உள்ளே `inotify` கொண்டுதான் வேலை செய்கிறது. ஆனால் கேட்கும் கேள்வி வேறு. முன்பு, கோப்பு வந்தது என்ற செய்திக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சர்வரை மறுதொடக்கம் செய்யும் இரண்டு நிமிடத்தில் கோப்பு வந்தால் செய்தி போனது போனதுதான். கோப்பு கண்ணெதிரே கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். இது, அடைவு காலியாக இருக்கிறதா இல்லையா என்ற நிலையைப் பார்க்கிறது. கண்காணிப்பு தொடங்கும்போதே ஒருமுறை பார்க்கும், ஏற்றம் முடிந்த பின்னும் ஒருமுறை பார்க்கும். கோப்பு எப்போது வந்திருந்தாலும் தப்பாது. ஒரே சேவை என்பதால் இரண்டு கோப்பு அடுத்தடுத்து வந்தாலும் இரண்டு ஏற்றம் ஒன்றின் மேல் ஒன்று ஓடாது.

நிலையைப் பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. `T` இல்லாத அந்த ஆகஸ்ட் கோப்பை ஏற்றம் திருப்பியது என்றேன் அல்லவா, திருப்பிவிட்டு அங்கேயே விட்டுவிட்டது. அடைவு இன்னும் காலியாகவில்லை, ஆகவே சேவை மறுபடி தொடங்கியது, மறுபடி தோற்றது. 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் `systemd` இயல்பாகவே அந்தச் சேவையைத் தடுத்துவிடும். அதோடு கண்காணிப்பும் தோல்வி நிலைக்குப் போய் அப்படியே படுத்துவிடும். மறுநாள் அக்கா திருத்திய கோப்பை அனுப்பினார், எதுவும் அசையவில்லை. `systemctl status sales-load.path` என்று கேட்டபோது `unit-start-limit-hit` என்று காரணம் சொன்னது.

இப்போது ஏற்றம் எழுந்தவுடன் செய்யும் முதல் காரியம், கோப்பை `ready` அடைவிலிருந்து `work` அடைவுக்கு நகர்த்துவது. பிறகுதான் திறந்தே பார்க்கும். சரியாக ஏறினால் `archive`, தோற்றால் `failed`. எது நடந்தாலும் `ready` காலியாகிவிடும். நடுவில் மின்சாரம் போய் `work` அடைவில் ஏதாவது தங்கிவிட்டால் எடுத்துக்கொள்ள, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதே சேவையை எழுப்பும் ஒரு டைமரும் வைத்திருக்கிறேன். அது பெரும்பாலும் வந்து பார்த்துவிட்டுச் சும்மா போகும்.

கோப்பு எந்த நேரத்திலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகு, 2 மணி இதுவரை மறைத்துவைத்திருந்த இரண்டு தவறுகள் வெளியே வந்தன.

ஒன்று, மறு அனுப்புதல். ஒருநாள் பிற்பகல் 3 மணிக்கு, முந்தைய நாள் கோப்பை விலை திருத்தி அதே பெயரில் மறுபடி அனுப்பினார்கள். பழைய முறையில் அதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அதுவும் ஒரு பிழைதான் என்பது வேறு விஷயம். புதிய முறையில் அது வந்த கணமே ஏறிற்று. என் ஏற்றத்துக்குச் சேர்க்க மட்டுமே தெரியும். அந்த நாளின் விற்பனை சரியாக இரட்டிப்பானது. இப்போது தற்காலிக அட்டவணையில் முதலில் ஏற்றி, எண்ணிக்கை சரிபார்த்து, பிறகு ஒரே பரிவர்த்தனைக்குள் அந்த நாளை அழித்து எழுதுகிறேன்:

```sql
BEGIN;
DELETE FROM sales WHERE biz_date = '2024-09-17';
INSERT INTO sales SELECT * FROM sales_stage;
COMMIT;
```

எத்தனை முறை அனுப்பினாலும் கடைசியாக வந்தது நிற்கும். ஏறிய ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், `sha256` கைரேகை, வரி எண்ணிக்கை, முடிந்த நேரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டு அட்டவணையில் எழுதுகிறேன். அந்த நாளுக்குக் கடைசியாக ஏறிய கோப்பின் கைரேகையும் புதிதாக வந்ததன் கைரேகையும் ஒன்றாக இருந்தால் வேலையே செய்யாமல் ஒதுக்கிவிடும்.

இன்னொன்று, தேதி. விற்பனைத் தேதி எது என்பதற்குப் பழைய ஏற்றம் கடிகாரத்தைப் பார்த்து "நேற்று" என்று கணக்கிட்டுக்கொள்ளும். இரவு 2 மணிக்கு ஓடும்வரை அது சரி. 2025 ஜனவரி 28, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், கடைகள் மாலையிலேயே மூடின. கோப்பு இரவு 9.10க்கு வந்துவிட்டது. 28ஆம் தேதி விற்பனையை 27 என்று எண்ணி, 27ஐ அழித்து அதன்மேல் எழுதியது. அழித்து எழுதும் புத்திசாலித்தனமும் பழைய "நேற்று"வும் சேர்ந்து செய்த வேலை. தேதியைக் கோப்பின் பெயரிலிருந்து எடுத்து, உள்ளே இருக்கும் வரிகளின் தேதியோடு ஒப்பிடும்படி மறுநாளே மாற்றினேன். அது விடுமுறை நாள். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

இத்தனைக்கும் பிறகு, என்னை உண்மையில் பயமுறுத்தியது ஒன்றுமே நடக்காத ஓர் இரவு. மார்ச் மாதம். கோலாலம்பூர்ப் பக்கத்தில் எஸ்எஃப்டிபி சாவியை மாற்றியிருந்தார்கள், புதியதை எங்களுக்குத் தர மறந்துவிட்டார்கள். கோப்பு வரவில்லை. வராததால் ஏற்றம் எழவில்லை. எழாததால் தோற்கவும் இல்லை. பிழைப் பதிவு காலி, எச்சரிக்கை காலி. 4.30க்குப் பட்டியல் நிரல் எழுந்து, விற்பனையே இல்லாத ஒரு நாளைப் பார்த்து, 43 கடைக்கும் வெற்றுப் பட்டியல் அடித்தது. பழைய `cron` இருந்திருந்தால் 2 மணிக்கே கோப்பைக் காணோம் என்று கத்தியிருக்கும். கடிகாரத்தைத் தூக்கியபோது அந்தக் கத்தலையும் சேர்த்துத் தூக்கிவிட்டேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே கடிகாரம் திரும்பி வந்தது, வேறு வேலைக்கு. 3.45க்கு ஒரு சிறு நிரல் எழுந்து பதிவேட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: நேற்றைய விற்பனைத் தேதிக்கு ஏற்றம் முடிந்த வரி உண்டா? இருந்தால் பேசாமல் தூங்கும். இல்லையென்றால் என் கைத்தொலைபேசி அடிக்கும். கண்காணிப்புச் சேவை உயிரோடு இருக்கிறதா என்று அதைக் கேட்கச் சொல்லவில்லை; சேவை உயிரோடு இருந்தும் கோப்பு வராமல் போகலாம், அதுதானே நடந்தது.

3.45 என்பதையும் முன்புபோல் குத்துமதிப்பாக வைக்கவில்லை. பட்டியல் 4.30. ஏற்றத்துக்கு 8 நிமிடம். கோலாலம்பூரில் இரவுப் பணியாளரை எழுப்பி, அவர் கோப்பைக் கையால் அனுப்பி முடிக்க அரை மணி நேரத்துக்குள் ஆகிறது என்று இரண்டு முறை முயன்று பார்த்து வைத்திருக்கிறோம். அதைப் பின்னோக்கிக் கழித்தால் 3.52 வரும்; ஏழு நிமிடம் எனக்குக் கண்ணைத் திறக்க. அப்படியும் வரவில்லையென்றால், போன வாரம் இதே கிழமையின் விற்பனையை வைத்துப் பட்டியல் அச்சாகும், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "மதிப்பீடு" என்ற சொல்லோடு. அந்தச் சொல் இல்லாமல் அடிக்கக் கூடாது என்று கிடங்கு அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறோம்.

போன மாதம் அதே அண்ணன் மாடிக்கு வந்தார். கையில் தே தாரிக், பொட்டலமாகக் கட்டியது.

"தம்பி, விற்பனை ஒன்றரைக்கே ஏறிவிடுகிறது என்கிறீர்கள். அப்புறம் என் ஆள்கள் ஏன் ஐந்து மணி வரைக்கும் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள்?"

சரியான கேள்வி. பட்டியலையும் கடிகாரத்திலிருந்து அவிழ்க்கலாமே என்று உட்கார்ந்தேன். பட்டியலுக்கு இரண்டு வேண்டும்: விற்பனையும், எங்கள் கிடங்கின் இருப்பும். பதிவேட்டில் ஒரே தேதிக்கு இரண்டு வரியும் விழுந்தவுடன் பட்டியல் எழ வேண்டும். எது கடைசியாக வருகிறதோ அது தூண்ட வேண்டும். ஒவ்வோர் ஏற்றமும் முடியும்போது, மற்றது வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். பிற்பகலில் வரும் திருத்தக் கோப்பு பழைய நாளுக்கு மறுபடி பட்டியல் அடித்துவிடாமல், ஏற்கெனவே அடித்தாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். அரைநாள் வேலை. எழுதிவிட்டு இரண்டு வாரப் பதிவேட்டை எடுத்து, பட்டியல் எத்தனை மணிக்கு எழுந்திருக்கும் என்று கணக்கிட்டேன்.

ஒவ்வோர் இரவும் 3.14. ஒன்றிரண்டு நிமிடம் முன்பின். விற்பனைக் கோப்பு ஒன்றரைக்கு வந்து, துணைக்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இரவுச் சரக்கு வரவு 1 மணிக்கே முடிந்துவிடுகிறது என்று அண்ணன் சொல்கிறார். இருப்புக் கோப்புதான் தாமதம். அதை எழுதும் நிரல் நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம் எழுதியது, `crontab` கோப்பில் அதற்கு நேராக `0 3 * * *` என்று இருக்கிறது.

ஏன் மூன்று மணி என்று அண்ணன் கேட்டார். எனக்கு நினைவில்லை.